பணவீக்க வித்தியாசத்தை வைத்து டொலரின் விலையை முன்கூட்டிச் சொல்லலாமா? 2022 டிசெம்பரில் நான் எழுதிய 450

வெள்ளவத்தைக் கணக்காளன் | 18 ஜனவரி 2025, இரவு 9.40

2022 டிசெம்பர் கடைசி வாரத்தில், நான் அப்போது வேலை பார்த்த இறக்குமதி நிறுவனத்தில், அடுத்த ஆண்டுப் பாதீட்டுக்காக 2023 இறுதியில் ஒரு டொலர் எத்தனை ரூபாயாக இருக்கும் என்று என்னிடம் கேட்டார்கள். படித்த காலத்தில் மனப்பாடம் செய்திருந்த இரண்டு சூத்திரங்களையும் எடுத்தேன். கொள்வனவுச் சக்திச் சமநிலையின்படி, இரு நாடுகளின் பணவீக்கங்களுக்கு இடையிலான வித்தியாசமே நாணயமாற்று வீதத்தில் ஏற்படும் மாற்றம். சர்வதேச பிஷர் விளைவின்படி, வட்டி வீதங்களுக்கு இடையிலான வித்தியாசமே அந்த மாற்றம்.

அன்று ஒரு டொலர் 363 ரூபாய். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் அந்த டிசெம்பரில் ஓராண்டுக்கு 57.2 சதவீதம் ஏறியிருந்தது, அமெரிக்காவில் 6.5. கழித்தால் 50.7 சதவீதம், அதன்படி டொலர் 547 ரூபாய். அரசாங்கம் கடன் வாங்க வெளியிடும் ஓராண்டுத் திறைசேரி உண்டியலின் வட்டி ஏறத்தாழ 29.3 சதவீதம், அமெரிக்காவில் ஓராண்டு வட்டி 4.7 அளவில். கழித்தால் 24.6 சதவீதம், அதன்படி 452 ரூபாய். முகாமையாளர் 547 ஐப் பார்த்துச் சிரித்துவிட்டு, இரண்டாவதை முழுமைப்படுத்தி 450 என்று பாதீட்டில் ஏற்றினார். விற்பனை விலைகள் அதை வைத்தே போடப்பட்டன. போட்டி நிறுவனம் 370 ஐ வைத்து விலை போட்டதனால், எங்கள் பழைய வாடிக்கையாளர்கள் இருவர் மார்ச் மாதத்துக்குள் அங்கே போய்விட்டார்கள்.

2023 இறுதியில் டொலர் 323.92 ரூபாய். ரூபாய் தேயவில்லை, வலுப்பெற்றது. அளவில் தவறியிருந்தால் பொறுத்துக்கொள்வேன், திசையே தவறியது. தவறு சூத்திரத்திலா, என்னிலா?

பம்பலப்பிட்டி மாணவி | 19 ஜனவரி 2025, காலை 7.15

நீங்கள் சூத்திரத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வட்டி கூடினால் வெளிநாட்டவர்கள் டொலரைக் கொண்டுவந்து ரூபாயாக மாற்றி உண்டியல் வாங்குவார்கள், ரூபாய்க்குக் கேள்வி கூடும், ரூபாய் வலுப்பெறும். எங்கள் வகுப்பில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். 2023 இன் தொடக்கத்தில் நடந்ததும் அதுதானே?

வெள்ளவத்தைக் கணக்காளன் | 19 ஜனவரி 2025, மதியம் 1.05

மதிய இடைவேளையில் உங்கள் சொற்படி தலைகீழாகவே போட்டுப் பார்த்தேன், தங்கச்சி. 363.11 × 1.047 ÷ 1.2927 = 294. என் 450 ஐ விட இது உண்மைக்கு எவ்வளவோ அருகில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள மானம் இடம் தரவில்லை.

ஆனால் அதே தலைகீழ் முறையை ஓராண்டு முன்னே கொண்டுபோய்ப் பாருங்கள். 2021 இறுதியில் டொலர் 200.43, இங்கே ஓராண்டு வட்டி 8.24, அமெரிக்காவில் 0.4. உங்கள் முறையில் 2022 இறுதிக்கு 186 ரூபாய் வருகிறது. நேராகப் போட்டால் 216. நடந்தது 363. அந்த ஆண்டில் இரண்டு முறைகளுமே பள்ளத்தில் விழுந்தன, உங்களுடையது சற்று ஆழமாக.

கொட்டாஞ்சேனை முதியவர் | 19 ஜனவரி 2025, இரவு 8.30

வங்கி ஒன்றின் நாணயப் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தம்பியின் கணக்கில் இரண்டு பிழைகள் உண்டு. ஒன்று சிறியது, மற்றது பெரியது.

சிறியது கழித்தல். பணவீக்கங்கள் மூன்று, நான்கு சதவீதமாக இருக்கும் நாடுகளில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும், வித்தியாசம் தெரியாது. 57 இருக்கும் இடத்தில் அது பொருந்தாது, வகுக்க வேண்டும். 1.572 ஐ 1.065 ஆல் வகுத்தால் 1.476 தான் வரும், ஆக உங்கள் 547 என்பது 536 ஆகியிருக்க வேண்டும். வட்டிக் கணக்கில் 452 என்பது 448. பதினொரு ரூபாயும் நான்கு ரூபாயும் இந்த விபத்தில் கீறல் மாதிரி.

பெரிய பிழை, நீங்கள் எடுத்த பணவீக்கம். 57.2 என்பது 2021 டிசெம்பரிலிருந்து 2022 டிசெம்பர் வரை விலைகள் ஏறிய ஏற்றம், அதாவது முடிந்துபோன கதை. அந்த ஏற்றத்துக்குரிய தேய்வு 2022 இலேயே நடந்து முடிந்துவிட்டது. 363 என்ற விலைக்குள்ளேயே அது இருந்தது. நீங்கள் அதை 2023 க்கும் இன்னொரு தடவை அறவிட்டிருக்கிறீர்கள். ஓராண்டு முன்னே பார்ப்பதற்கு ஓராண்டு முன்னே எதிர்பார்க்கப்படும் பணவீக்கம் வேண்டும். 2023 டிசெம்பரில் இங்கே பணவீக்கம் 4.0, அங்கே 3.4. அவற்றை முன்கூட்டியே ஒரு தேவதை உங்கள் காதில் சொல்லியிருந்தால், சூத்திரம் 365 ரூபாய் என்று சொல்லியிருக்கும்.

வெள்ளவத்தைக் கணக்காளன் | 19 ஜனவரி 2025, இரவு 10.50

ஐயா, அந்தத் தேவதை வந்திருந்தாலும் நான் 41 ரூபாய் பிழைத்திருப்பேனே. பணவீக்கத்தைத் துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்த ஒருவன்கூட, வீதம் ஏறத்தாழ அசையாது என்றுதான் சொல்லியிருப்பான். வீதமோ பத்திலொரு பங்குக்கு மேல் இறங்கியது. முதல் குறிப்பில் 547, 452 என்று எழுதியதைத் திருத்தவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

எனக்கு இன்னும் விளங்காதது வட்டி. பணவீக்கத்தையாவது பழையதை எடுத்துவிட்டேன். உண்டியல் வட்டி முன்னே பார்ப்பதுதானே? அடுத்த ஆண்டுக்கான எதிர்பார்ப்பைச் சந்தை அதற்குள் வைத்திருக்கும் என்பதற்காகத்தானே பிஷரைத் தேடிப் போகிறோம்?

கொட்டாஞ்சேனை முதியவர் | 20 ஜனவரி 2025, காலை 6.20

இரவு யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஓர் உண்டியலின் வட்டிக்குள் மூன்று பொருட்கள் கலந்திருக்கின்றன. பணத்தைக் கடன் கொடுத்ததற்கான உண்மையான கூலி ஒன்று. விலைவாசி ஏறும் என்ற எதிர்பார்ப்புக்கான ஈடு இன்னொன்று. கடன் வாங்கியவர் திருப்பித் தராமல் போகலாம் என்ற பயத்துக்கான கூலி மூன்றாவது. முதலாவது எல்லா நாடுகளிலும் சமம், மூன்றாவது பூச்சியம் என்று வைத்துக்கொண்டால் மட்டுமே, இரு நாடுகளின் வட்டி வித்தியாசம் பணவீக்க எதிர்பார்ப்பின் வித்தியாசமாக எஞ்சும். பிஷர் விளைவு நிற்பது அந்த ஒரு காலில்தான்.

இனி 2022 டிசெம்பருக்கு வாருங்கள். அரசாங்கம் அந்த ஏப்ரல் 12 அன்றே வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்திருந்தது. உள்நாட்டுக் கடனிலும் கை வைப்பார்கள் என்ற பேச்சு கோட்டையில் எல்லா அலுவலகங்களிலும் இருந்தது. பயத்தின் அளவை நீங்களே அன்று அளந்திருக்கலாம். மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்கு ஓரிரவுக் கடன் கொடுத்த வீதம் அப்போது 15.5 சதவீதம். அதே அரசாங்கத்தின் ஓராண்டு உண்டியல் 29.3. இந்த இரண்டுக்கும் இடையில் இருந்த பதினான்கு சதவீதத்தில் பெரும்பங்கு பணவீக்க எதிர்பார்ப்பு அல்ல, உண்டியலை வெட்டிவிடுவார்கள் என்ற அச்சமும் அரசாங்கத்தின் பணத் தேவையும்தான். அந்த அச்சத்தை நீங்கள் ரூபாயின் தேய்வு என்று மொழிபெயர்த்துக்கொண்டீர்கள்.

மகளின் கேள்விக்கும் இதிலேயே பாதி விடை உண்டு. பயம் தணியும்போது, உயர்ந்த வட்டி வெளிநாட்டுப் பணத்தை இழுக்கும், நாணயம் வலுப்பெறும். அது 2023 இன் முதல் அரையாண்டில் நடந்தது உண்மை. ஆனால் வட்டி உயர்ந்திருப்பது விலைவாசி ஏறும் என்பதற்காக மட்டுமே என்றால், ரூபாய் தேயும். வட்டி ஏன் உயர்ந்தது என்று கேட்காமல் எந்தப் பக்கமும் சூத்திரத்தைத் திருப்பக்கூடாது.

பம்பலப்பிட்டி மாணவி | 20 ஜனவரி 2025, காலை 11.00

அப்படியென்றால் வகுப்பில் சொன்னதும் சரி, புத்தகத்தில் இருப்பதும் சரி. பரீட்சையில் எதை எழுதுவது?

கொட்டாஞ்சேனை முதியவர் | 20 ஜனவரி 2025, மதியம் 12.10

கேள்வி எந்த வட்டியைப் பற்றியது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், மகள்.

வெள்ளவத்தைக் கணக்காளன் | 21 ஜனவரி 2025, இரவு 9.15

ஐயா சொன்ன பயத்துக்கு விலை போட்டுப் பார்க்க ஆசை வந்தது. 2022 இறுதியில் ஒருவரிடம் 10,000 டொலர் இருந்தது என்று கொள்வோம். 363.11 க்கு மாற்றினால் 36 இலட்சத்து 31 ஆயிரத்து 100 ரூபாய். ஓராண்டு உண்டியலில் 29.27 சதவீதத்துக்குப் போட்டால் ஆண்டிறுதியில் 46 இலட்சத்து 94 ஆயிரம் ரூபாய் அளவில். அதை 323.92 க்குத் திரும்ப டொலராக்கினால் ஏறத்தாழ 14,490. வரியையும், வாங்கும் விற்கும் விலைகளுக்கு இடையிலான வெட்டையும் கணக்கில் எடுக்கவில்லை. பிஷரின் கூற்றுப்படி இந்த மனிதருக்கு அமெரிக்காவில் போட்டவருக்குக் கிடைத்ததைப் போலவே ஏறத்தாழ 470 டொலர்தான் இலாபமாகக் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது 4,490.

ஆனால் இதைப் பார்த்து யாரும் நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. 2023 ஜூன் இறுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டபோது, தனியாரிடம் இருந்த உண்டியல்கள் அதில் சேர்க்கப்படவில்லை. 2022 இறுதியில் அது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. சேர்க்கப்பட்டிருந்தால் இந்த 14,490 இன் கதை வேறு. என் மைத்துனர் கனடாவிலிருந்து அனுப்பியிருந்த சிறு தொகையை நான் டொலர் கணக்கிலேயே வைத்திருந்தேன். அவர் தொலைபேசியில், "உண்டியலில் போட்டால் என்ன?" என்று கேட்டதற்கு, சட்டவிரோதமான வழியில் பணம் அனுப்பச் சொல்கிறார் என்று நினைத்து அவரைக் கண்டித்தேன். அவர் சொன்னது திறைசேரி உண்டியல் என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. இந்த மொழியில் அரசாங்கத்தின் கடன் பத்திரத்துக்கும் அரசாங்கத்துக்குத் தெரியாமல் பணம் அனுப்புவதற்கும் ஒரே பெயரை யார் வைத்தார்களோ தெரியவில்லை.

புறக்கோட்டைத் துணிக்கடை | 22 ஜனவரி 2025, மாலை 6.45

நீங்கள் எல்லோரும் படித்தவர்கள், 2022 ஐப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு வேண்டியது ஏப்ரல் மாதம். இந்தியாவிலிருந்து துணி வருகிறது, 90 நாள் தவணை, பணம் டொலரில் கட்ட வேண்டும். சித்திரைப் புத்தாண்டு விற்பனை முடிந்த கையோடு கட்ட வேண்டியிருக்கும். இன்று 297 அளவில் இருக்கிறது. இந்தப் பணவீக்கச் சூத்திரப்படி ஏப்ரலில் எவ்வளவு என்று ஒரே எண்ணில் சொல்லுங்கள், இப்போதே வாங்கி வைப்பதா பொறுப்பதா என்று முடிவெடுக்கிறேன்.

கொட்டாஞ்சேனை முதியவர் | 22 ஜனவரி 2025, இரவு 9.00

முதலாளி, பணவீக்கச் சூத்திரத்துக்கு 90 நாள் என்பது கண் சிமிட்டும் நேரம். வீதம் சமநிலையிலிருந்து விலகினால், அந்த விலகலில் பாதி கரைவதற்கே மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் எடுக்கும் என்பது வளர்ந்த நாடுகளின் தரவுகளை வைத்து ஆராய்ந்தவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மூன்று மாதத்தில் உங்கள் விலையை அசைக்கப்போவது தேங்காய் விலையும் அரிசி விலையும் அல்ல. எந்த வாரத்தில் எரிபொருள் கப்பலுக்குப் பணம் கட்டுகிறார்கள், அடுத்த மாதம் வாகன இறக்குமதி திறந்தால் எத்தனை பேர் டொலருக்கு வரிசையில் நிற்கிறார்கள், மத்திய வங்கி சந்தையில் எவ்வளவு வாங்குகிறது என்பவைதான்.

ஒரே எண் வேண்டுமென்றால் அது வங்கியில் இருக்கிறது, ஏப்ரலில் வாங்கப்போகும் டொலருக்கு இன்றே பேசி முடிக்கும் விலை அது, முன்னோக்கிய வீதம் என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு இங்கே எட்டரை சதவீதத்தை ஒட்டியும் அங்கே நாலேகாலை ஒட்டியும் வட்டி இருக்கும்போது, 297 என்பது 90 நாளில் ஏறத்தாழ 300 ஆகும். வங்கி தன் இலாபத்தையும் அதன்மேல் வைக்கும். அந்த 300 யாருடைய ஆரூடமும் அல்ல. வங்கி இன்றே ரூபாயைக் கடன் வாங்கி, டொலர் வாங்கி, 90 நாள் வைப்பில் போட்டால் ஆகும் செலவுதான் அது. நான் அந்த மேசையில் இருந்த காலத்தில், டொலர் ஏறுமா இறங்குமா என்று எங்களுக்கே தெரியாமல் ஒவ்வொரு நாளும் முன்னோக்கிய வீதம் சொல்லியிருக்கிறோம்.

புறக்கோட்டைத் துணிக்கடை | 22 ஜனவரி 2025, இரவு 9.20

ஒரு டொலருக்கு மூன்று ரூபாய் கொடுத்தால் இரவில் தூங்கலாம் என்கிறீர்கள். விளங்கிவிட்டது. ஆனால் ஏப்ரலில் 290 ஆனால் நான் உங்களைத்தான் தேடி வருவேன்.

வெள்ளவத்தைக் கணக்காளன் | 25 ஜனவரி 2025, இரவு 11.30

சனிக்கிழமை முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன். வீட்டில் திட்டு.

ஓராண்டு போதாது என்று ஐயா சொன்னதை வைத்து, 2021 இறுதியின் 200.43 இலிருந்து தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் உண்மையில் நிகழ்ந்த பணவீக்கங்களை மட்டும் சங்கிலியாகப் பெருக்கிக்கொண்டு போனேன். எதிர்பார்ப்பு, வட்டி எதுவும் இல்லை.

```
ஆண்டிறுதி   இலங்கை   அமெரிக்கா   சமநிலை   சந்தை
2021          -          -        200.4    200.4
2022        57.2        6.5       295.9    363.1
2023         4.0        3.4       297.6    323.9
2024        -1.7        2.9       284.3    292.6
```

கடைசி இரண்டு நிரல்களையும் பாருங்கள். 2022 இறுதியில் சந்தை விலை சமநிலையை விட 23 சதவீதம் மேலே, 2023 இல் 9 சதவீதம், 2024 இல் 3 சதவீதம். நான் 2022 டிசெம்பரில் 450 என்று எழுதுவதற்குப் பதிலாக, 363 என்பதே ஏற்கனவே மிகையாக ஏறிய விலை, அது 300 ஐ நோக்கித் திரும்பும் என்று எழுதியிருக்க வேண்டும். சூத்திரம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் தவறான இடத்திலிருந்து தொடங்கினேன். முதல் குறிப்பில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். தவறு என்னில்.

பம்பலப்பிட்டி மாணவி | 26 ஜனவரி 2025, காலை 8.40

அட்டவணை அழகாக இருக்கிறது, அண்ணா. ஆனால் 200.43 இலிருந்து 363.11 என்றால் 81 சதவீதம். 2022 இல் ரூபாய் 44.8 சதவீதம் தேய்ந்தது என்றுதான் மத்திய வங்கியின் கணக்கு. எது பிழை?

வெள்ளவத்தைக் கணக்காளன் | 26 ஜனவரி 2025, காலை 9.05

இரண்டும் சரி. டொலரின் விலை 81 சதவீதம் ஏறியது. ஒரு ரூபாயால் வாங்கக்கூடிய டொலரின் அளவு 44.8 சதவீதம் குறைந்தது. ஒன்று 200 ஐக் கீழே வைத்து வகுத்தது, மற்றது 363 ஐ. சூத்திரத்துக்குள் போட வேண்டியது முதலாவது. இரண்டாவதைப் போட்டுவிட்டு, "ரூபாய் பணவீக்கத்தை விடக் குறைவாகத்தானே தேய்ந்திருக்கிறது" என்று வாதாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை முதியவர் | 26 ஜனவரி 2025, இரவு 8.00

தம்பியின் மகிழ்ச்சியைக் கெடுக்கப்போகிறேன், மன்னிக்கவும்.

200.43 ஐ ஏன் தொடக்கமாக எடுத்தீர்கள்? அந்த விலையில் 2021 டிசெம்பரில் யாருக்கு டொலர் கிடைத்தது? அது பிடித்து வைக்கப்பட்ட விலை. வங்கிகளில் நாணயக் கடிதம் திறக்க இறக்குமதியாளர்கள் வாரக்கணக்காகக் காத்திருந்தார்கள். நீங்கள் கேலி செய்த அந்த மற்ற உண்டியலில் டொலர் அதைவிடப் பல ரூபாய் கூடுதலாக விலைபோனது. மத்திய வங்கி பிடியை 2022 மார்ச் 7 அன்று தளர்த்தியபோதுதான் உண்மை விலை வெளியே வந்தது. அந்த 200 ஐச் சமநிலை என்று வைத்துக்கொண்டு கட்டிய வீட்டின் அத்திவாரம் அதுதான்.

வேறொரு தொடக்கத்தை எடுத்துப் பாருங்கள். 2017 இறுதியில் டொலர் 152.85. அங்கிருந்து ஒவ்வோர் ஆண்டின் பணவீக்கத்தையும் அதே முறையில் பெருக்கினால் 2024 இறுதிக்கு 241 வருகிறது. 2019 இறுதியின் 181.63 இலிருந்து தொடங்கினால் 277. உங்களுடையது 284. மூன்றும் ஒரே சூத்திரம், ஒரே பணவீக்கத் தரவு. 2017 ஐ நம்புபவர் டொலர் இன்னும் சமநிலையை விட 21 சதவீதம் மேலே நிற்கிறது என்பார், நீங்கள் சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்பீர்கள்.

தொடக்க ஆண்டைத் தெரிவு செய்வதற்கு ஒரு நியாயம் வேண்டும். வெளிநாட்டுக் கொடுப்பனவுகளும் வரவுகளும் பெரிய இழுபறி இல்லாமல் ஒத்துப்போன, டொலருக்கு வரிசை நிற்காத ஓர் ஆண்டாக அது இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆண்டு இந்த நாட்டில் எது என்பதில் நாணயப் பிரிவில் என்னோடு இருந்த நால்வருக்கு ஐந்து கருத்துகள்.

வெள்ளவத்தைக் கணக்காளன் | 28 ஜனவரி 2025, இரவு 10.10

ஐயாவின் குறிப்புக்குப் பிறகு இரண்டு நாள் அட்டவணையைத் திறக்கவில்லை. இன்று பேருந்தில் வரும்போது இன்னொரு சந்தேகம் வந்தது, இது முன்னையதை விடக் கடினமானது.

என் அட்டவணையில் 2022 இன் 57.2 சதவீதம் எங்கிருந்து வந்தது? மார்ச் மாதம் ரூபாய் விழுந்தது. அந்த மாதத்தின் கொழும்புச் சுட்டெண் ஏற்றம் 18.7 சதவீதம். ஏப்ரலில் 29.8. செப்டெம்பரில் 69.8, அதுவே உச்சம். எரிபொருள், எரிவாயு, பால்மா, கோதுமை மா, மருந்து எல்லாம் டொலரில் வருபவை. டொலர் ஏறியதும் அவை ஏறின, அவை ஏறியதும் பேருந்துக் கட்டணமும் கடைச் சாப்பாடும் ஏறின. பெரும்பகுதி முதலில் வீதம், பிறகுதான் விலை.

அப்படியானால் 295.9 என்ற சமநிலை விலையை நான் பணவீக்கத்திலிருந்து பெற்றேன், அந்தப் பணவீக்கம் வீதத்தின் வீழ்ச்சியிலிருந்து பிறந்தது. குழந்தையைக் காட்டித் தாய் எப்போது பிறப்பாள் என்று ஆரூடம் சொல்லியிருக்கிறேன். 2021 டிசெம்பரில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு அந்த 57.2 தெரிந்திருக்கவே முடியாது. அவர் கையில் இருந்தது 12.1 சதவீதம் மட்டுமே, அமெரிக்காவில் 7.0. அதை வைத்தால் 2022 இறுதிக்கு 210 ரூபாய். என் அழகான அட்டவணை நடந்ததை விளக்குகிறது, நடக்கப்போவதைச் சொல்லவில்லை. 25 ஆம் திகதி எழுதிய கடைசி இரண்டு வாக்கியங்களையும் திரும்பப் பெறுகிறேன்.

கொட்டாஞ்சேனை முதியவர் | 29 ஜனவரி 2025, காலை 6.45

இப்போது நீங்கள் தேவைக்கு அதிகமாகவே சரணடைகிறீர்கள்.

2022 இல் விலை வீதத்தைத் துரத்தியது என்பது சரி. ஆனால் அதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளைப் பாருங்கள். 2023 இல் விலைகள் 4 சதவீதம் ஏறின, 2024 இல் 1.7 சதவீதம் இறங்கின, இரண்டையும் சேர்த்தால் விலைவாசி நின்ற இடத்தில் நின்றது என்றே சொல்லலாம். வீதமோ 363 இலிருந்து 293 க்கு வந்தது. இந்த இரண்டு ஆண்டுகளில் இடைவெளியைப் பெரும்பாலும் மூடியது வீதம்தான். ஆகவே முதற்பாதியில் குழந்தை தாயைத் துரத்தியது, பிற்பாதியில் தாய் திரும்பி வந்தாள்.

இருந்தாலும் தாய் தானாகத் திரும்பி வந்தாளா என்பதில் எனக்கும் சந்தேகம் உண்டு. வெளிநாட்டுக் கடனுக்குப் பெரும்பகுதி பணம் கட்டவில்லை. வாகனங்கள் இறக்கவில்லை. 2023 மார்ச் 20 அன்று சர்வதேச நாணய நிதியத்தின் ஒப்புதல் வந்தது. சுற்றுலாவும் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணமும் மீண்டன. இவற்றில் எதையும் பணவீக்கச் சூத்திரம் அறியாது. சமநிலை இழுத்ததா, இவை தள்ளினவா என்று இரண்டு ஆண்டுத் தரவை வைத்துப் பிரிக்க யாராலும் முடியாது.

சுட்டெண்ணைப் பற்றியும் ஒன்று. 2024 இன் 1.7 சதவீத இறக்கத்தில் மின்கட்டணக் குறைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த மாதமும் 20 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். மின்சாரத்தைக் கப்பலில் ஏற்றி விற்க முடியாது. கட்டணத்தை ஆணைக்குழு ஒன்று தீர்மானிக்கிறது. அது குறைந்ததனால் ரூபாய் வலுப்பெற வேண்டும் என்று சூத்திரம் சொல்லும், ஆனால் அதற்கான வழியை யாரும் காட்ட முடியாது. தேயிலை, ஆடை போன்று எல்லை தாண்டும் பொருட்களின் விலையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் வேறு எண் வரும்.

பம்பலப்பிட்டி மாணவி | 29 ஜனவரி 2025, மாலை 4.30

அந்த வேறு எண் எது?

கொட்டாஞ்சேனை முதியவர் | 29 ஜனவரி 2025, மாலை 5.15

நான் கணக்கிடவில்லை, மகள். உற்பத்தியாளர் விலைச் சுட்டெண்ணைத் தொகைமதிப்புத் திணைக்களம் வெளியிடுகிறது, முயன்று பாருங்கள். என் கண்ணாடி இந்த அட்டவணைகளுக்கு ஒத்துழைப்பதில்லை.

வெள்ளவத்தைக் கணக்காளன் | 2 பெப்ரவரி 2025, இரவு 9.50

இப்போது நான் இருக்கும் நிறுவனத்திலும் 2025 இறுதிக்கான வீதத்தைக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தேன். என்ன கொடுத்தேன் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன், ஆண்டிறுதியில் வந்து திட்டுவதற்கு வசதியாக இருக்கும்.

தொடக்கம் 2024 இறுதியின் 292.58. பழைய பணவீக்கமான கழித்தல் 1.7 ஐத் தொடவே இல்லை. மத்திய வங்கிக்கு வைக்கப்பட்டிருக்கும் இலக்கு 5 சதவீதம், அமெரிக்காவுக்கு இரண்டரை என்று வைத்தேன், வகுத்தேன், 300 வந்தது. அடுத்து வட்டி. ஓராண்டு உண்டியல் ஆண்டிறுதியில் 8.96, அங்கே 4.2 அளவில், வகுத்தால் 306. 2022 இல் இந்த இரண்டு வழிகளுக்கும் இடையில் கிட்டத்தட்ட 90 ரூபாய் இருந்தது, இன்று 6 ரூபாய். உண்டியலுக்குள் இருந்த பயம் எவ்வளவு வடிந்திருக்கிறது என்பதை அந்த ஆறு ரூபாய் காட்டுகிறது என்று ஐயாவின் பாடத்தை அறிக்கையில் ஒரு பந்தியாகவே எழுதினேன்.

அதன் கீழே இன்னொரு வரி: பணவீக்கம் இலக்கைத் தொடாமல் பூச்சியத்திலேயே நின்றால் சமநிலை 285 ஐச் சொல்லும், ஆனால் வாகனங்களுக்கான டொலர் கேள்வி எந்தச் சூத்திரத்திலும் இல்லை. முகாமையாளர் மூன்று எண்களையும் பார்த்துவிட்டு, "ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். 285 இலிருந்து 315 வரை என்றேன். அவர் 310 என்று எழுதிக்கொண்டார். எப்படி என்று கேட்டதற்கு, கூட்டி வைத்தால் நட்டம் வராது என்றார். 2022 இல் 450 ஐ எழுதியபோதும் இதே நியாயம்தான் சொல்லப்பட்டது என்பதையும், அப்போது போன இரண்டு வாடிக்கையாளர்களையும் சொன்னேன். 305 ஆக்கினார்.

புறக்கோட்டைத் துணிக்கடை | 3 பெப்ரவரி 2025, காலை 10.20

நான் பாதித் தொகைக்கு வங்கியில் முன்பதிவு செய்துவிட்டேன், 300 ரூபாய் 40 சதம். மீதிப் பாதியை விட்டுவைத்திருக்கிறேன், ஐயாவைத் தேடி வர ஒரு காரணம் வேண்டுமல்லவா.